ஒன்பதாவது வரியில் கிடந்த ரெயின் கவர்

*வணக்கம் அண்ணாச்சி. நானும் வீட்டுக்காரரும் மார்த்தாண்டம் பக்கத்தில் மூன்று மிஷின் போட்டு ஸ்கூல் பேக் தைக்கிறோம். ஆன்லைன் சந்தையில் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. விவரத்தின் ஆரம்பத்திலேயே கீவேர்டை அடுக்கினால்தான் பை மேலே வரும் என்று ஒருவர் சொன்னார், அப்படியே செய்தேன். ஆள் வந்து பார்க்கிறார்கள், வாங்குவது குறைவு. மழைக் காலத்தில் வாங்கியவர்களில் பலர் திருப்பி அனுப்பினார்கள். முதல் வரிகளில் எந்த வார்த்தை, எந்த இடத்தில், எத்தனை தடவை வர வேண்டும்? பையின் அளவு, படம், இப்போதுள்ள விவரம் எல்லாம் இதோடு அனுப்பியிருக்கிறேன்.*

*— ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்*

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் அனுப்பியதை முதலில் கம்ப்யூட்டரில் பார்க்கவில்லை. போனில்தான் திறந்தேன், வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் பார்க்கிறார்கள். படத்தையும் விலையையும் தாண்டிக் கீழே வந்தால் விவரத்தில் இரண்டு மூன்று வரி மட்டும் தெரிகிறது. மீதியைப் பார்க்க ஒரு தட்டு தட்ட வேண்டும். அந்த இரண்டு மூன்று வரியில் இப்போது இருப்பது இது:

```
School bag for boys girls school bag for kids
waterproof school bag stylish backpack college bag
laptop bag tuition bag best school bag low price
```

இதைப் படித்த ஒரு அம்மாவுக்கு உங்கள் பையைப் பற்றி என்ன தெரிந்தது? ஸ்கூல் பேக் என்று தெரிந்தது, அது படத்திலேயே தெரிகிறது. எந்த வகுப்புப் பிள்ளைக்கு, எவ்வளவு கொள்ளும், எவ்வளவு கனம் என்று ஒன்றும் தெரியவில்லை. இதற்குக் கீழே, தட்டித் திறந்தால் மட்டும் தெரிகிற ஒன்பதாவது வரியில், பையோடு ரெயின் கவர் ஒன்று வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. உங்கள் பையில் விற்கக்கூடிய பெரிய விஷயமே அதுதான். அது அங்கே கிடக்கிறது, மேலே "school bag" நாலு தடவை நிற்கிறது.

எத்தனை தடவை என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு தடவை போதும். சந்தைத் தளத்தின் தேடல் உங்கள் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கும்போது டைட்டில், நீங்கள் படிவத்தில் நிரப்பும் கட்டங்கள், தேடுசொல் பெட்டி, விவரம் என்று பல இடங்களைப் பார்க்கும். ஒரு இடத்தில் இருந்தால் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். நாலு தடவை எழுதினால் நாலு மடங்கு மேலே ஏற்றாது. அமேசான் 2025 ஜனவரியில் டைட்டிலுக்கே ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அங்கே ஒரே சொல் இரண்டு தடவைக்கு மேல் வரக்கூடாது. "best", "cheap" மாதிரி சொற்களைத் தேடுசொல் பெட்டியில் போட வேண்டாம் என்று அவர்களே விற்பனையாளர்களுக்குச் சொல்கிறார்கள். அடுக்குவதால் லாபம் இருந்த காலம் போய்விட்டது.

அப்படியானால் விவரத்தின் முதல் வரிக்கு என்னதான் வேலை? தேடலில் உங்கள் பையை மேலே ஏற்றும் வேலையின் பெரும் பங்கை டைட்டிலும் கட்டங்களும் பார்த்துக்கொள்கின்றன. முதல் வரிக்கு வேறு வேலை உண்டு. ஒரு ஆள் ஒரு சொல்லைத் தட்டித் தேடி உங்கள் பக்கத்துக்கு வந்திருக்கிறார். நான் தேடியது இதுதானா என்ற சந்தேகம் அவர் மனதில் இருக்கும். அவர் தட்டிய சொல்லே முதல் வரியில் இருந்து, கூடவே அதற்கு ஆதாரமும் இருந்தால் சந்தேகம் அங்கேயே தீரும். கூகுளில் தேடுகிறவருக்கும் இதேதான். கூகுள் உங்கள் பக்கத்தைக் காட்டும்போது தலைப்புக்குக் கீழே 150 எழுத்து அளவில் ஒரு துண்டைக் காட்டும். பல நேரம் அது பக்கத்தில் இருக்கும் வாசகத்திலிருந்தே எடுக்கப்படும். அங்கே வாக்கியமாக ஒன்று இருந்தால் படிக்கத் தோன்றும். சொற்களின் குவியலாக இருந்தால் கண் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும்.

ஆக, முதல் வரிக்கு ஒரே ஒரு கீவேர்ட் போதும். எந்தச் சொல் என்பதுதான் உண்மையான வேலை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று உங்கள் பையை வைத்தே சொல்கிறேன்.

போனில் உங்கள் விற்பனைக் கணக்கிலிருந்து வெளியே வாருங்கள். பழைய தேடல் எதுவும் நினைவில் இல்லாத ஒரு ஜன்னலில் சந்தைத் தளத்தைத் திறந்து, தேடல் பெட்டியில் school bag என்று தட்டி ஒரு இடைவெளி விடுங்கள். என்டர் தட்ட வேண்டாம். கீழே வரிசையாகச் சில சொற்கள் வரும். மற்றவர்கள் தேடுவதை வைத்து வருபவை அவை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் school bag for, school bag with, school bag class என்று தட்டி, அதற்கு வருவதையும் எழுதுங்கள். அரை மணி நேரத்தில் முப்பது நாற்பது சொற்றொடர் சேரும்.

இப்போது பேனாவை எடுத்து, உங்கள் பைக்கு உண்மையில்லாததை எல்லாம் அடியுங்கள். லேப்டாப் வைக்க உள்ளே மெத்தை வைத்த அறை உங்கள் பையில் இல்லை, அதனால் "laptop bag" போகட்டும். "college bag" போகட்டும். கல்லூரிப் பையன் ஒருவன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால், பார்த்தவர் கணக்கில் ஒன்று கூடும், வாங்கியவர் கணக்கில் கூடாது. பார்ப்பவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்ற விகிதத்தைத் தளமும் கவனிக்கிறது. வாங்காத கூட்டத்தை வரவழைக்கும் சொல் உங்களுக்குக் கெடுதல்தான். ஆள் வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போகிறார்கள் என்று நீங்கள் எழுதியதற்கு ஒரு காரணம் இது என்று நினைக்கிறேன்.

மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, முதல் பக்கத்தில் என்ன பைகள் வருகின்றன என்று பாருங்கள். "school bag for boys" என்று தேடினால் பெரிய கம்பெனிப் பைகள்தான் முன்னால் நிற்கும். அந்த வரிசையில் மூன்று மிஷின்காரரின் பை போய் நிற்பது கஷ்டம். "school bag with rain cover" மாதிரி ஒரு சொற்றொடரைத் தேடுகிறவர் எண்ணிக்கையில் குறைவாக இருக்கலாம். ஆனால் தேடுகிறவருக்கு வேண்டியது உங்களிடம் இருக்கிறது. சின்ன விற்பனையாளருக்கு அந்தச் சொல்தான் முதல் வரிச் சொல். "boys", "girls" இரண்டையும் கைவிட வேண்டியதில்லை. யாருக்கானது என்று கேட்கும் கட்டம் ஒன்று படிவத்தில் இருக்கும், அங்கே தேர்ந்தெடுங்கள். "backpack", "tuition bag" இரண்டும் தேடுசொல் பெட்டிக்குப் போகட்டும். அது வாங்குகிறவர் கண்ணில் படாத இடம்.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒன்று. தமிழில் தேடுகிறவர்களுக்காக "பள்ளிப் பை" என்று அதில் சேர்க்க நினைத்தால் சேர்க்கலாம், ஆனால் இடத்தை யோசித்துச் சேருங்கள். அமேசானில் அந்தப் பெட்டியின் எல்லையைப் பைட் கணக்கில் வைத்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்றால், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் ஆகும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். school bag பத்து பைட்டில் முடியும், "பள்ளிப் பை" 28 பைட் பிடிக்கும்.

இனி, உங்கள் ரிட்டர்னுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை. ஜூனில் பள்ளி திறக்கும்போது தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. ஸ்கூல் பேக் வாங்கும் அம்மாவின் முதல் பயம் புத்தகம் நனைவது என்று உங்களுக்குத் தெரியும், அதனால் "waterproof" போட்டீர்கள். எல்லோரும் போடுகிறார்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய விவரப்படி உங்கள் பை 600 டெனியர் பாலிஸ்டர், உள்பக்கம் பி.யு. பூச்சு. அந்தத் துணியில் தண்ணீர் சட்டென்று இறங்காது, உண்மைதான். தையலில் ஊசி போன ஓட்டைகள் இருக்கின்றன, ஜிப் சாதாரண ஜிப். தண்ணீர் அந்த வழியாக உள்ளே வரும். அதாவது துணி தண்ணீரைத் தாங்கும், பை தாங்காது.

பல வருடங்களுக்கு முன்னால் நாகர்கோவிலில் ஒரு வியாபாரிக்கு டிபன் பை விவரம் எழுதிக் கொடுத்தேன். அதுவும் பூச்சுத் துணிதான். அவர் சொன்னார், நானும் சோதித்துப் பார்க்காமல் முதல் வரியிலேயே "waterproof" என்று எழுதினேன். விற்பனை ஏறியது. அக்டோபர் மழையில் ரிட்டர்ன் வந்து குவிந்தது. சொன்னபடி பொருள் இல்லை என்பதுதான் பெரும்பாலான ரிட்டர்னில் காரணம். இரண்டு பக்கத்துக் கூரியர் செலவும் அவர் தலையில் விழுந்தது. பக்கத்தில் விழுந்த ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள், அந்தச் சொல்லை எடுத்த பிறகும் அங்கேயே நின்றன. அது என் தவறு. அன்றிலிருந்து சோதிக்காமல் அந்தச் சொல்லை நான் எழுதுவதில்லை.

நீங்களும் சோதியுங்கள். விற்பனைக்கு அனுப்பும் பை ஒன்றை எடுத்து, உள்ளே எல்லா அறையிலும் காய்ந்த செய்தித்தாளை மடித்து வையுங்கள். ஜிப்பை முழுக்க மூடி, முதுகில் போட்டால் எப்படி நிற்குமோ அப்படி ஒரு கொக்கியில் மாட்டுங்கள். பூவாளியில் தண்ணீர் எடுத்து மேலிருந்து பத்து நிமிஷம் ஊற்றுங்கள். பிள்ளை பஸ் ஸ்டாப்பில் இருந்து வீட்டுக்கு நடந்து வரும் நேரம் அது. அப்புறம் திறந்து பாருங்கள். காகிதம் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கே தண்ணீர் வருகிறது. பெரும்பாலும் ஜிப்பின் ஓரத்திலும், மேல் கைப்பிடி தைத்த இடத்திலும், அடித்தட்டின் மூலையிலும் ஈரம் இருக்கும். அடுத்து, ரெயின் கவரைப் போட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். இந்த முறை காகிதம் காய்ந்து வந்தால் எழுத வேண்டிய வரி உங்கள் கையில் இருக்கிறது. கவர் போட்டும் நனைந்தால், விவரத்தை விட்டுவிட்டு முதலில் கவரைச் சரி செய்யுங்கள்.

கவர் போட்டால் நனையவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். அப்போது முதல் வரியில் "rain cover" வரட்டும். துணியைப் பற்றிச் சொல்லும்போது "water-resistant" என்று எழுதுங்கள். படிவத்தில் தண்ணீர் தாங்கும் அளவு கேட்கும் கட்டம் இருந்தால், அங்கேயும் "Water Resistant" என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். "waterproof" என்பதை டைட்டில், விவரம், தேடுசொல் பெட்டி மூன்றிலிருந்தும் எடுத்துவிடுங்கள். தேடுசொல் பெட்டியில் இருந்தால் யார் கண்ணிலும் படாதே என்று தோன்றும். கண்ணில் படாவிட்டாலும் அது வரவழைக்கும் ஆள் நனையாத பையைத்தான் எதிர்பார்த்து வருவார். அந்தச் சொல்லால் வந்த பார்வைகள் கொஞ்சம் குறையும், அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ரிட்டர்ன் கூரியர் செலவை ஒரு பக்கத்தில் எழுதிப் பார்த்தால், அந்தப் பார்வைகளால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

அடுத்தது ஆதாரம். கீவேர்டுக்குப் பக்கத்தில் எண் இருக்க வேண்டும். இப்போது உங்கள் விவரத்தில் "35 L" என்று இருக்கிறது. பக்கத்துப் பைகளைப் பார்த்துப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் தந்த அளவு உயரம் 44 செ.மீ., அகலம் 31, ஆழம் 17. மூன்றையும் பெருக்கினால் 23,188 வருகிறது. ஆயிரத்தால் வகுத்தால் 23 லிட்டர். முன் பாக்கெட்டைத் தனியாகச் சேர்த்தாலும் 35 வராது. 35 லிட்டர் என்று படித்து வாங்கியவர் பெட்டியைப் பிரித்ததும் சின்னப் பை என்றுதான் நினைப்பார். அளந்து எழுதிய 23 உங்களைக் காப்பாற்றும்.

எடை 520 கிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத் தராசில் வைத்து ஒரு முறை உறுதி செய்துவிட்டு முதல் வரிக்கே கொண்டுவாருங்கள். "lightweight" என்ற சொல்லைவிட இந்த எண் பேசும். மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கையில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பை 1.7 முதல் 2.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. வெறும் பையே ஒரு கிலோ என்றால் புத்தகத்துக்கு என்ன மிஞ்சும்? பல பள்ளிகள் இதைச் சொல்ல ஆரம்பித்திருப்பதால் பெற்றோர் எடையைக் கவனிக்கிறார்கள்.

எந்த வகுப்பு என்பதும் முதல் வாக்கியத்தில் வேண்டும். "kids" என்றால் மூன்று வயதும் உண்டு, பதின்மூன்றும் உண்டு. உங்கள் பையின் உயரத்துக்கு நாலாம் வகுப்பிலிருந்து எட்டு வரை பொருந்தும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 44 செ.மீ. பை இடுப்புக்குக் கீழே தொங்கும். வகுப்பைச் சொல்வதால் கொஞ்சம் பேர் விலகிப் போவார்கள். அவர்கள் வாங்கியிருந்தால் திருப்பித்தான் அனுப்பியிருப்பார்கள்.

இனி வரியை எழுதலாம். நான் முதலில் எழுதியது இப்படி வந்தது:

```
Our school bag is made with great care for your child
and comes with rain cover...
```

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் ஐம்பது எழுத்தில் பையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை, அதனால் விட்டுவிட்டேன். அடுத்து "School bag, rain cover, Class 4-8, 23 L" என்று காற்புள்ளி வைத்து அடுக்கிப் பார்த்தேன். தகவல் இருக்கிறது, ஆனால் ரெயின் கவர் பையோடு வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று புரியவில்லை. வாக்கியமாக இருந்தால்தான் "with" என்ற ஒரு சொல் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும். அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் 2020 முதல் தமிழிலும் இருக்கின்றன. நீங்கள் மொழியைத் தமிழுக்கு மாற்றி உங்கள் பக்கத்தையே படித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் சொற்களை அடுக்கி வைத்தால், தானாக மொழிபெயர்த்து வரும் தமிழில் ஒன்றோடு ஒன்று ஒட்டாத சொற்கள்தான் நிற்கும். சின்ன வாக்கியம் என்றால் பொருள் குலையாமல் வர வாய்ப்பு அதிகம்.

கடைசியில் நின்றது இது:

```
School bag with rain cover for Class 4 to 8.
23 litres, 520 g, three compartments.
Water-resistant 600D polyester.
Rain cover in the bottom pocket.
```

இங்கே வரி பிரித்துக் காட்டியிருக்கிறேன். நீங்கள் ஒரே பத்தியாகப் போடுங்கள். மொத்தம் 147 எழுத்து. முதல் வாக்கியம் மட்டும் 44 எழுத்து, எவ்வளவு சின்னத் திரையாக இருந்தாலும் அது வெட்டுப்படாது. தேடிய சொற்றொடர் அதே வரிசையில், முதலிலேயே, ஒரே ஒரு தடவை. தேடல் பொறிக்கு வரிசை மாறினாலும் புரியும். கண்ணுக்குத்தான் அந்த வரிசை வேண்டும், தான் தட்டியதை அப்படியே பார்த்தால் ஆள் நிற்பார். கடைசி வாக்கியத்தில் "rain cover" இன்னொரு தடவை வருகிறதே என்று கேட்பீர்கள். அது கீவேர்டுக்காக வரவில்லை. கவர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், கவரே வரவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அடிப் பாக்கெட்டில் கையை விட்டுப் பார்க்காமலே அனுப்பிவிடுவார்கள்.

பெரிய கம்பெனியின் பெயரைப் போட்டு அந்த மாதிரிப் பை என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. கார்ட்டூன் பொம்மைகளின் பெயரையும் சிலர் சேர்க்கிறார்கள். உங்கள் விவரத்தில் அது இல்லை, நல்லது. யார் சொன்னாலும் சேர்க்காதீர்கள். வியாபாரப் பெயரின் உரிமையாளர் புகார் கொடுத்தால் லிஸ்டிங்கைத் தூக்கிவிடுவார்கள். சேர்த்து வைத்த விமர்சனங்களும் அதோடு போகும்.

மாற்றிய பிறகு எப்படிப் பார்ப்பது என்பதில் அவசரப்பட வேண்டாம். முதல் வரிகளை மாற்றும் அதே நாளில் படத்தையும் விலையையும் மாற்றினால், எதனால் என்ன ஆனது என்று தெரியாமல் போகும். நாலு வாரம் மற்ற எதையும் தொடாதீர்கள். விற்பனையாளர் பக்கத்தில் மூன்று எண்களைக் குறித்து வையுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், அதில் எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை திரும்பி வந்தது. பார்த்தவர் குறைந்தும் வாங்கியவர் குறையாமல் இருந்தால் வரி வேலை செய்கிறது, தேவையில்லாத கூட்டம்தான் போயிருக்கிறது. இரண்டும் சேர்ந்து குறைந்தால், டைட்டிலிலோ கட்டங்களிலோ ஏதோ ஒரு சொல்லை எடுத்திருக்கிறீர்கள். உங்கள் பிராண்டுப் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். பை வரவில்லை என்றால் அந்தச் சொல் தளத்தின் கணக்கில் இல்லை.

மாதத்தையும் பார்த்து ஒப்பிடுங்கள். நம் ஊரிலும் கேரளாவிலும் ஜூனில் பள்ளி திறக்கும், வடக்கே பல சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஏப்ரலிலேயே புது வருடம். மே மாத விற்பனையை ஜூலையோடு வைத்துப் பார்த்துவிட்டு வரி சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ரிட்டர்ன் எண்ணிக்கையை மட்டும் மழை மாதத்தில்தான் சரியாகப் பார்க்க முடியும். ரிட்டர்ன் வரும்போது வாங்கியவர் சொன்ன காரணத்தை அப்படியே எழுதி வையுங்கள். நனைந்தது, சின்னது என்ற இரண்டும் குறைகிறதா என்பதுதான் கணக்கு. ஜிப் போச்சு, வார் அறுந்தது என்று வந்தால் அதற்கு விவரத்தில் மருந்து இல்லை, மிஷின் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் படத்தில் முதல் படம் பையை மட்டும் காட்டுகிறது, அது அப்படியே இருக்கட்டும். நாலு வாரம் கழிந்ததும், இரண்டாவது படமாகக் கவர் போட்ட பையைச் சேருங்கள். முதல் வரியில் சொன்னது உடனே கண்ணில் பட வேண்டும்.

எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கான சின்னப் பைக்கும் இதே மூன்று வரியை ஒட்டியிருக்கிறீர்கள். அதற்குப் புது வரியை ஒட்டிவிடாதீர்கள், தங்கச்சி. அந்தப் பையில் ரெயின் கவர் இல்லை, லிட்டரும் வேறு. அந்த வயசுப் பிள்ளைக்குப் பையே வேண்டாம் என்றுதான் அதே 2020 கொள்கை சொல்கிறது. வீட்டில் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோகத்தான் வாங்குவார்கள். வாங்குகிறவர் தட்டும் சொல்லும் வேறாக இருக்கும், தேடல் பெட்டியில் LKG என்று தட்டிப் பாருங்கள். நீங்கள் தந்த 30, 24, 11 செ.மீ. கணக்கில் அது 8 லிட்டர் வருகிறது. எடை 260 கிராம் என்பது தராசில் சரியாக இருந்தால், அதற்கு இதைப் போடலாம்:

```
LKG UKG school bag for lunch box and water bottle.
8 litres, 260 g, one main compartment.
```

டப்பாவும் பாட்டிலும் உள்ளே வைத்து ஜிப் மூடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.